ஒரு சீவு கூடினால்

ஓபோ வாசிப்பவருக்கு மூச்சு பற்றாமல் போவதில்லை. அவருடைய கஷ்டம், நெஞ்சுக்குள் மூச்சு மிஞ்சிப்போவதுதான். உதடுகளுக்கு நடுவே இருக்கும் சீவாளியின் வாய் மிகக் குறுகியது. அதன் நடுவில்கூட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் திறப்பு இருந்தால் அதிகம். அந்த இடுக்கு வழியே காற்றை நல்ல அழுத்தத்தோடு செலுத்த வேண்டும், ஆனால் வெளியே போவது கொஞ்சம்தான். நீண்ட ஒரு வரியை வாசித்து முடிக்கும்போது நுரையீரலில் காற்று ஏராளமாக மீந்திருக்கும். அது உடம்புக்குப் பயன்படாத பழைய காற்று. எனவே இடைவெளி கிடைத்ததும் முதலில் அதை வெளியே விட்டு, பிறகுதான் புதுக்காற்றை இழுக்க முடியும். இரண்டுக்கும் சேர்த்து நேரமில்லாத இடங்களில் ஒரு இடைவெளியில் விடுவார்கள், அடுத்ததில் இழுப்பார்கள்.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1945இல் எழுதிய ஓபோ கான்செர்ட்டோவின் தொடக்கம் இதற்குக் கடுமையான சோதனை. ஐம்பதுக்கும் மேற்பட்ட தாளவட்டங்களுக்கு ஓபோ ஏறக்குறைய ஓய்வே இல்லாமல் பாடிக்கொண்டிருக்க வேண்டும். போர் முடிந்த சமயம், அமெரிக்கப் படைவீரராக ஜெர்மனியில் இருந்த ஜான் டி லான்சி என்ற ஓபோ கலைஞர் ஸ்ட்ராஸைப் பார்க்கப் போனார். ஓபோவுக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதும் எண்ணம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொன்ன ஸ்ட்ராஸ், அதே ஆண்டில் எழுதி முடித்தார்.

ஓபோவும் அதன் பெரிய அண்ணனான பஸூனும் நம் நாதஸ்வரத்தைப் போலவே இரட்டை நாணல் வாத்தியங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய நாணல் தகடுகள், நடுவே காற்றுக்கு வழி. ஓபோவில் இந்தத் தகடுகளைப் பித்தளைக் கெண்டை ஒன்றின் மேல் நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். பஸூன் சீவாளிக்குக் கெண்டை கிடையாது. அகலமான நாணலின் அடிப்பகுதியையே குழாயாக உருட்டி, கம்பியால் மூன்று கட்டுப் போட்டு, வளைந்த உலோகக் குழாயில் செருகுவார்கள். இரண்டுக்குமே அருண்டோ டோனாக்ஸ் என்ற நாணல்தான். தெற்கு பிரான்சின் வார் பகுதியில் விளைவதற்கு நெடுங்காலமாகப் பெயர் உண்டு.

ஊதும்போது இந்தத் தகடுகள் கதவைப் போல மூடித் திறக்கின்றன. வாத்தியக்குழு முழுவதும் சுருதி சேர்ப்பதற்காக ஓபோ தரும் ‘ஏ’ ஸ்வரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 440 முறை. வாசிப்பவர் உதடுகளைப் பற்களின் மேல் மடித்து, தகடுகளை மேலும் கீழும் மெத்தைபோலத் தாங்குகிறார். உதடு இறுகினால் சுருதி ஏறும், வாய் மூடிக்கொள்ளும். தளர்ந்தால் சுருதி இறங்கும், சத்தம் பரவும். பஸூன் சீவாளி பெரியது, அதனால் உதடு இன்னும் தளர்வாக இருக்கும், காற்றும் தாராளமாகப் போகும். ஆனால் அங்கே பல ஸ்வரங்கள் தாமாகச் சுருதியில் நிற்பதில்லை. ஒவ்வொன்றையும் உதட்டாலும் மூச்சாலும் சரிசெய்தபடியே போக வேண்டும். தடித்த சீவாளியைக் கொடுத்துவிட்டுப் புது மாணவரை “இன்னும் அழுத்தி ஊது” என்று சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. பலமில்லாத உதட்டைக் கொண்டு நாணலைக் கடித்து மூட அவர் பழகிவிடுவார். அதை மாற்ற ஆண்டுகள் ஆகும்.

சீவுவது எதை மாற்றுகிறது என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்கு போதும். வளையும் எந்தத் தகட்டின் விறைப்பும் அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நுனியில் ஓரிடத்தில் 0.10 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். அதை 0.08 ஆக்கினால் எடுத்தது ஐந்தில் ஒரு பங்குதான். விறைப்போ கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத தூளாகக் கத்தியில் ஒட்டும் அந்த அளவுதான் வாசிக்க முடியாத சீவாளியையும் வாசிக்க முடிகிற சீவாளியையும் பிரிக்கிறது.

எங்கே சீவுகிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பிலடெல்பியா வாத்தியக்குழுவில் 1915 முதல் 1954 வரை முதன்மை ஓபோ வாசித்த மார்செல் தபுதோ, டி லான்சியின் ஆசிரியர். நீளமாகச் சீவும் அமெரிக்க முறை அவர் வழியே வேரூன்றியது. அதில் சீவாளிக்கு மூன்று பகுதிகள். மிக மெலிந்த நுனி, ஸ்வரம் சட்டென்று பிறக்க உதவுகிறது. அதன் பின்னால் தடிமனாக விடப்படும் நடுப்பகுதி சுருதியைப் பிடித்து நிறுத்துகிறது. அதற்கும் பின்னால் நீளமாகச் சீவப்படும் பின்பகுதி தாழ்ந்த அதிர்வுகளுக்கு இடம் தந்து நாதத்துக்கு ஆழம் சேர்க்கிறது. ஐரோப்பாவில் பலரும் இந்த நீண்ட பின்பகுதி இல்லாமல் குட்டையாகவே சீவுகிறார்கள்.

ஒரு புதுச் சீவாளியை எடுத்துக்கொள்வோம். வாத்தியத்தில் செருகினால் கீழ் ‘டி’ மெதுவாகப் பிறக்க மறுக்கிறது: முதலில் வெறும் காற்று, பிறகு திடீரென்று வெடித்து ஒரு ஸ்வரம். சீவாளியைக் கழற்றி, நூல் கட்டுவரை வாய்க்குள் விட்டுத் தனியாக ஊதிப் பார்க்க வேண்டும். காகம்போல ஒரு கரகரப்பு வரும். அமெரிக்க முறையில் அது ‘சி’ ஸ்வரமாக, மேலும் கீழுமாக இரண்டு ஸ்தாயிகளில் கேட்க வேண்டும். இதுவோ ‘சி ஷார்ப்’ தருகிறது, அதுவும் பலமாக ஊதினால்தான். மேல் ஸ்வரமே லேசான மூச்சுக்கு வராததால் குற்றம் நுனியில் என்று தெரிகிறது. மேல் ஸ்வரம் எளிதாக வந்து கீழ் ஸ்தாயி மட்டும் சேராமல் இருந்திருந்தால் பின்பகுதியைச் சந்தேகித்திருப்போம்.

சீவாளியைத் தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, தகடுகளுக்கு நடுவே மெல்லிய நாக்குத் தகட்டைச் செருகி, நுனியின் இரு மூலைகளிலும் நாணலைத் தொட்டும் தொடாமலும் சில சீவு சீவ வேண்டும். அழுத்தினால் ஓரம் கிழியும், மழுங்கிய கத்தியும் அப்படித்தான் செய்யும். ஒரு பக்கம் எத்தனை சீவோ அதே அளவு மறுபக்கமும். பிறகு மறுபடி ஊதிப் பார்ப்பது. கரகரப்பு ‘சி’க்கு இறங்கி, கீழ் ‘டி’ நாக்கு பட்டதுமே பிறந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சீவாளியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டும் வாசித்துப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால், ஒரு தகடு மற்றதைவிட விறைப்பாக இருக்கிறது.

நிறுத்துவதுதான் கடினம். எங்கே சீவினாலும் சுருதி இறங்கும். ஆகவே இன்னும் கொஞ்சம் எளிதாகட்டுமே என்று கை வைத்தால் கரகரப்பு ‘பி’க்குப் போய்விடும், வாசிப்பவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் உதட்டால் தூக்கிப் பிடிக்க நேரும். அப்போது நுனியில் கால் மில்லிமீட்டர் வெட்டி எறிந்தால் சுருதி ஏறும். ஆனால் புதிய நுனி தடித்த இடத்தில் தொடங்குவதால் அதை மறுபடி மெலிய வைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படி வெட்டினால் சீவாளி குட்டையாகி, மேல் ஸ்தாயியில் சுருதி ஓடத் தொடங்கும். நடுப்பகுதியை மிஞ்சிச் சீவிவிட்டால் பெரும்பாலும் மீட்பே இல்லை: சத்தமாக ஊதும்போது சுருதி நிலைகொள்ளாது, நாதத்தின் பிடி போய்விடும்.

பஸூன் வாசிப்பவருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. நுனிக்கு அருகிலிருக்கும் கம்பிக் கட்டை இடுக்கியால் பக்கவாட்டில் அழுத்தினால் வாய் திறக்கும், மேலும் கீழுமாக அழுத்தினால் மூடும். பிடிக்கவில்லையென்றால் பழையபடி திருப்பிக்கொள்ளலாம். அதனால் அனுபவமுள்ளவர்கள் கம்பியைச் சோதித்த பிறகே கத்தியை எடுக்கிறார்கள்.

ஒரே நாளில் சீவாளியை முடிப்பதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஈரத்தில் ஊறிக் காயும் ஒவ்வொரு முறையும் புது நாணல் சற்று உருமாறும். வாயும் மூடிக்கொள்ளப் பார்க்கும். முதல் நாள் கட்டி, கரகரப்பு வரும் அளவுக்கு மட்டும் சீவிக் காயவைப்பார்கள். மறுநாள் நுனியும் பின்பகுதியும். மூன்றாவது நாள், வாசித்துக் கேட்டபடி, தேவைப்பட்டால் மட்டும் கடைசிச் சில சீவுகள்.