சாட்டை விளைவு

சாட்டை விளைவு என்பது விநியோகச் சங்கிலியின் கடைக்கோடியில், அதாவது நுகர்வோரிடத்தில், ஏற்படும் சிறிய தேவை மாற்றம் சில்லறை வணிகர், மொத்த வணிகர், தொழிற்சாலை என மேல்நிலைகளை நோக்கிச் செல்லச் செல்லப் பெரிதாகிக் கொண்டே போவதைக் குறிக்கும். சாட்டையின் கைப்பிடியைச் சிறிதளவு அசைத்தால் அதன் நுனி பெருமளவில் வீசுவதை ஒத்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இதனை ஃபாரெஸ்டர் விளைவு என்றும் அழைப்பர்.

== வரலாறு ==

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர், 1961ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் இந்நிகழ்வை விரிவாக ஆராய்ந்தார். ஏற்ற இறக்கங்களுக்குச் சந்தை மட்டுமே காரணமல்ல, நிறுவனங்களின் கொள்முதல் விதிகளும் காலத் தாமதங்களும் சேர்ந்தே அவற்றை உண்டாக்குகின்றன என்பது அவரது கருத்தாகும்.

பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தனது பாம்பர்ஸ் எனும் குழந்தை அணையாடையின் விற்பனையை ஆராய்ந்தபோது இவ்விளைவு தெளிவாகத் தென்பட்டது. குழந்தைகள் அணையாடையைப் பயன்படுத்தும் அளவு வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. கடை விற்பனையும் ஓரளவு சீராகவே இருந்தது. ஆனால் விநியோகத்தர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிய கொள்முதல் ஆணைகள் கூடிக் குறைந்தன. நிறுவனம் தன் மூலப்பொருள் வழங்குநர்களுக்கு அனுப்பிய ஆணைகளோ அவற்றைவிடக் கூடுதலாக ஏறி இறங்கின. 1997இல் ஹாவ் லீ, பத்மநாபன், சுங்ஜின் வாங் ஆகியோர் எழுதிய ஆய்வுக்கட்டுரைகள் இவ்விளைவின் காரணங்களை வகைப்படுத்தின.

== இயங்கும் முறை ==

ஒரு எளிய எடுத்துக்காட்டின் மூலம் இதனைப் புரிந்துகொள்ளலாம். சில்லறை வணிகர், மொத்த வணிகர், தொழிற்சாலை என மூன்று நிலைகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு நிலையும் ஒரே விதியைப் பின்பற்றுகிறது: கையிருப்பும் வரவேண்டிய சரக்கும் சேர்ந்து, தனக்கு இறுதியாக வந்த வாரத் தேவையைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும். சரக்கு வந்து சேர நாளாகும் என்பதால் இவ்விதி நியாயமானதே.

வாரத் தேவை நெடுநாள் 100 பெட்டிகளாக இருந்தது. ஆகவே ஒவ்வொரு நிலையிலும் இருப்பு 200 பெட்டிகள். இரண்டாம் வாரத்தில் நுகர்வோர் தேவை 105 ஆக உயர்ந்து, பின்னர் அதே அளவில் நிலைபெறுகிறது.

சில்லறை வணிகர் 105 பெட்டிகளை விற்றதால் அவரது இருப்பு 95 ஆகிறது. புதிய இலக்கு 210 என்பதால் அவர் 115 பெட்டிகளுக்கு ஆணை இடுகிறார். மொத்த வணிகருக்கு நுகர்வோர் தேவை தெரியாது; அவர் காண்பது 115 என்ற எண்ணை மட்டுமே. அவரது இருப்பு 85 ஆகக் குறைய, இலக்கு 230 ஆக உயர்கிறது. எனவே அவர் 145 பெட்டிகளைக் கேட்கிறார். இதே கணக்கின்படி தொழிற்சாலை 235 பெட்டிகளை உற்பத்தி செய்ய முடிவெடுக்கிறது.

அடுத்த வாரம் சில்லறை வணிகர் 105 பெட்டிகளையே கேட்கிறார். இதனை மொத்த வணிகர் தேவை குறைந்ததாகக் கருதி 85 பெட்டிகள் மட்டும் கேட்க, தொழிற்சாலையின் இருப்பு இலக்கைவிட 35 பெட்டிகள் மிஞ்சுகிறது, உற்பத்தி நிறுத்தப்படுகிறது.

| வாரம் | நுகர்வோர் தேவை | சில்லறை வணிகரின் ஆணை | மொத்த வணிகரின் ஆணை | தொழிற்சாலை உற்பத்தி |
|---|---|---|---|---|
| 1 | 100 | 100 | 100 | 100 |
| 2 | 105 | 115 | 145 | 235 |
| 3 | 105 | 105 | 85 | 0 |
| 4 | 105 | 105 | 105 | 110 |
| 5 | 105 | 105 | 105 | 105 |

இரண்டாம் வாரத்தில் தேவையின் உயர்வு 5 பெட்டிகள். அது 15, 45, 135 என நிலைக்கு நிலை மூன்று மடங்காகிறது. இதில் எவரும் தவறாகக் கணக்கிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆணையில் இரு பகுதிகள் உள்ளன: ஒன்று உண்மையில் விற்றது, மற்றொன்று இருப்பை உயர்த்த ஒரே ஒரு முறை தேவைப்படுவது. மேல்நிலையில் உள்ளவரால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாததால், முழு ஆணையையும் நிலையான தேவையாகக் கொண்டுவிடுகிறார்.

== பிற காரணங்கள் ==

மேற்கண்டது தேவையை மதிப்பிடுவதால் வரும் விளைவு. இதனுடன் மேலும் மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, ஆணைகளைச் சேர்த்து இடுதல். சரக்குந்து நிறையும் வரை காத்திருந்து மாதம் ஒருமுறை ஆணை இட்டால், நாள்தோறும் நிகழும் சீரான விற்பனை, மேல்நிலையில் மூன்று வார அமைதியாகவும் ஒரு வாரப் பெருக்கமாகவும் தோன்றும்.

இரண்டாவது, விலை ஏற்ற இறக்கம். தள்ளுபடிக் காலத்தில் வணிகர்கள் பின்னர் தேவைப்படும் சரக்கையும் முன்கூட்டியே வாங்கிவிடுவர்; தள்ளுபடி முடிந்ததும் ஆணைகள் நின்றுவிடும்.

மூன்றாவது, பற்றாக்குறைக் கால மிகைக் கோரிக்கை. கேட்டதில் பாதியே கிடைக்கும் என அறிந்த வணிகர், 100 தேவைப்பட்டால் 200 கேட்பார். வழங்கல் சீரானதும் மிகையான ஆணைகள் நீக்கப்படும். ஆணைகள் வேகமாக உயரும்போது கடை விற்பனை அதே அளவில் உயராதிருப்பதும், பின்னர் ஆணை நீக்கங்கள் பெருகுவதும் இதன் அறிகுறிகளாகும்.

== அளவிடுதல் ==

ஒரு நிலை வெளியிடும் ஆணைகளின் விலக்க வர்க்கச் சராசரியை, அந்நிலைக்கு வரும் தேவையின் விலக்க வர்க்கச் சராசரியால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் 1ஐ விடக் கூடுதலாக இருப்பின் சாட்டை விளைவு உள்ளது எனலாம். கடந்த p காலப்பகுதிகளின் சராசரியைக் கொண்டு தேவையை மதிப்பிடும் நிலைக்கு, சென் உள்ளிட்டோர் 2000இல் பின்வரும் கீழ்வரம்பைத் தந்தனர். இது முந்தைய தேவைகளோடு தொடர்பற்று ஏற்படும் தேவைக்குப் பொருந்தும்.

```
Var(q)/Var(D) ≥ 1 + 2L/p + 2L²/p²
```

இங்கு q ஆணை, D தேவை, L சரக்கு வந்து சேரும் காலம். L = 2, p = 5 எனில் விகிதம் குறைந்தது 2.12 ஆகும். p = 10 எனில் 1.48 ஆகக் குறையும். ஆனால் நீண்ட காலச் சராசரி, உண்மையான மாற்றத்தையும் தாமதமாகவே காட்டும்.

== குறைக்கும் வழி ==

எடுத்துக்காட்டில் உள்ள மூன்று நிலைகளும் கடையின் விற்பனை எண்ணை நேரடியாகக் காண்பதாகக் கொள்வோம். அனைவரின் இலக்கும் 210 ஆகவே இருக்கும். இரண்டாம் வாரத்தில் ஆணைகள் முறையே 115, 125 என்றும், உற்பத்தி 135 என்றும் அமையும். மூன்றாம் வாரம் முதல் எல்லாம் 105. இரு முறைகளிலும் நான்கு வார மொத்த உற்பத்தி 450 பெட்டிகளே. தகவல் பகிர்வு, பெருக்கலாக வளர்ந்ததைக் கூட்டலாக மாற்றுகிறது, முற்றிலும் நீக்குவதில்லை. சரக்கு வந்து சேரும் காலத்தைச் சுருக்கினால் இருப்பு இலக்கும், அதனால் எஞ்சிய வீச்சும் மேலும் குறையும்.

== வரம்புகள் ==

எல்லாத் தொழில்களிலும் இவ்விளைவு காணப்படுவதில்லை. கேஷான், ராண்டல், ஷ்மிட் ஆகியோர் 2007இல் அமெரிக்கத் தொழில்துறைகளின் மாதாந்தரத் தரவுகளை ஆராய்ந்தனர். மொத்த வணிகத் துறைகளில் இவ்விளைவு இருந்தது. சில்லறைத் துறைகளில் பொதுவாகவும், உற்பத்தித் துறைகளில் பெரும்பாலானவற்றிலும் காணப்படவில்லை. பருவகாலத் தேவையை முன்னறிந்து உற்பத்தியைச் சீராக்கும் துறைகளில், விகிதம் 1ஐ விடக் குறைவாகவும் இருக்கலாம்.