குடலுக்குள் இருந்து எடுக்கும் ஸ்கேன்

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி ஒரு வரி வரும். பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி குடல் காற்று மறைப்பதால் சரியாகத் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். பலர் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை. கடைசியில் உள்ள முடிவை மட்டும் படித்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறோம்.

58 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊர் மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மேல்வயிற்றில் வலி வந்து முதுகுவரை இழுக்கிறது. ஊசி போட்டால் அடங்கி, பத்து நாளில் திரும்ப வருகிறது. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் சிறு கற்கள் தெரிகின்றன. ஆனால் ரத்தத்தில் பிலிருபின் 2.4 என்று வந்திருக்கிறது, 1.2-க்குள் இருக்க வேண்டியது. பித்தநாளமும் 8 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது. வழக்கமாக 6-க்குள் இருக்கும். கல் பித்தப்பைக்குள்ளேயே கிடந்தால் பொதுவாகப் பிலிருபின் இப்படி ஏறாது. ஒரு கல் நழுவி நாளத்துக்குள் இறங்கியிருக்கலாம் என்பது மருத்துவரின் சந்தேகம். ஸ்கேனிலோ நாளத்தில் கல் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? பித்தநாளம் தன் கடைசிப் பகுதியில் சிறுகுடலின் தொடக்கத்துக்குப் பின்னால் போய், கணையத்தின் தலைப்பகுதி வழியாக இறங்கிக் குடலில் திறக்கிறது. குடலில் எப்போதும் காற்று இருக்கும். ஸ்கேனின் ஒலி அலை காற்றில் பட்டதும் திரும்பிவிடும். அதற்குப் பின்னால் உள்ளது திரையில் வராது. சி.டி. ஸ்கேனுக்குக் காற்று தடையில்லை. ஆனால் கொழுப்பால் ஆன பல கற்கள் அதில் பித்தநீரின் அதே சாம்பல் நிறத்தில் கரைந்துபோகும். பித்தநாளத்துக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.சி.பி. மிக நல்ல பரிசோதனைதான். ஆனாலும் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல், அதிலும் நாளத்தின் வாயருகே சிக்கியது, அதற்கும் தப்பிவிடலாம்.

இந்த இடத்தில்தான் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டைச் சொல்கிறார்கள். சுருக்கமாக இ.யூ.எஸ். வாய்வழியே விடும் எண்டோஸ்கோப்பின் நுனியில் ஸ்கேன் கருவியையும் பொருத்தியிருப்பார்கள். ஒலி அலையின் அதிர்வெண் கூடினால் படம் நுணுக்கமாகும். ஆனால் அலை ஆழமாகப் போகாது. வயிற்றின் மேலிருந்து பார்ப்பவருக்கு ஆழம் தேவை, அதனால் நுணுக்கத்தை விட்டுக்கொடுக்கிறார். குடலுக்குள் இருப்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. நாளம் குடல் சுவரை ஒட்டியே இருக்கிறது, குறுக்கே காற்றும் இல்லை. நுனியில் உள்ள சிறு பலூனில் தண்ணீர் நிரப்பிச் சுவரோடு ஒட்டிவைத்தால் போதும்.

நம் உதாரணப் பெண்ணுக்கும் அப்படித்தான் கிடைத்தது. கறுப்புக் குழாயாகத் தெரிந்த நாளத்தின் அடியில் 4 மில்லிமீட்டரில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் பின்னால் வால்போல ஒரு நிழல். கல்தான். அடுத்து இ.ஆர்.சி.பி. என்ற முறையில் அதை எடுத்துவிட்டு, பிறகு பித்தப்பையையும் அகற்ற வேண்டியிருக்கும்.

கல் இல்லை என்று தெரிந்தாலும் லாபம்தான். சிறு கற்கள் தானாகவே குடலில் விழுந்துவிடுவதுண்டு. பார்க்காமலே இ.ஆர்.சி.பி. செய்தால் 100-ல் 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. கல்லைப் பார்த்துவிட்டு மட்டும் வரும் இ.யூ.எஸ்.ஸில் அந்த ஆபத்து இல்லை என்றே சொல்லலாம். காரணம், அது நாளத்தின் வாய்க்குள் நுழைவதே இல்லை. அதற்காக எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. சாதாரண ஸ்கேனிலேயே நாளத்தில் கல் தெரிந்தாலோ, மஞ்சள் காமாலையோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ நேரே இ.ஆர்.சி.பி.தான். இரண்டுங்கெட்டானாகச் சந்தேகம் நிற்கும்போதுதான் இ.யூ.எஸ். கைகொடுக்கும்.

கணையத்துக்கும் இதே அருகாமை உதவுகிறது. 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியை சி.டி. தவறவிட்டாலும் இது காட்டலாம். பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் செலுத்திச் சதைத் துணுக்கும் எடுக்கலாம். காரணம் தெரியாமல் கணைய அழற்சி திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும் இதனால்தான் இதை எழுதித் தருகிறார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. நீண்டநாள் அழற்சியால் தழும்பேறிய கணையத்தில் கட்டி எது, தழும்பு எது என்று அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். கல்லீரலின் வலக்கோடி இதற்கு எட்டாது. செய்பவரின் பழக்கத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். அதனால் இதை அடிக்கடி செய்யும் மருத்துவமனையா என்று கேட்பதில் தப்பில்லை.

உங்களுக்கு எழுதித் தந்திருந்தால், பழைய ஸ்கேன் படங்களை எடுத்துப் போங்கள். இரைப்பையில் முன்பு ஆபரேஷன் செய்திருந்தால் சொல்லுங்கள். கருவி போகும் பாதையே மாறியிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே தெரிவியுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மயக்க மருந்து தருவார்கள் என்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும். வீடு வந்தபின் கடும் வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.