மூடிய கதவின் கனவு

ஏழாம் மாதப் பரிசோதனை முடிந்த பின்னும் அந்தப் பெண் இருக்கையை விட்டு எழவில்லை. காரைக்குடிக்கு அருகில் ஒரு சிற்றூர், தலைப்பிரசவம். குழந்தையின் வளர்ச்சியும் அவருடைய இரத்த அழுத்தமும் இயல்பாகவே இருந்தன. ஆயினும், "ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிடுங்கள், டாக்டர்" என்றார். வாரத்தில் நான்கைந்து இரவுகள் ஒரே கனவு: மூடிய அறையில் வலியால் துடிக்கிறார், கூப்பிட்டும் எவரும் வருவதில்லை.

வளைகாப்பன்று உறவினர் ஒருவர், விடிய விடியத் துணையின்றி வலியில் கிடந்த தம் கதையைச் சொல்லியிருக்கிறார். கனவு அங்கிருந்து வந்தது. ஆகவே, இவருடைய அச்சம் இரண்டு: தனிமை, ஓயாத வலி. அச்சம் எதைப் பற்றியது என்று தெரிந்தால்தான் அதற்கு விடை தர இயலும்.

பிரசவ வலி இடைவிடாதது அன்று. அலைபோல் வந்து போவது. வலி நன்கு வலுத்த நிலையில் பத்து நிமிடத்திற்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 நொடி நீடிப்பதாகக் கொள்வோம். கூட்டினால் இரண்டேகால் நிமிடம், எஞ்சியது ஓய்வு. இறுதிக் கட்டத்தில் ஓய்வு குறையும் என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. அஞ்சும்போது உடல் இறுகுகிறது. இறுகிய உடலில் வலி மிகுதியாகத் தெரிகிறது. அது அச்சத்தை மேலும் வளர்க்கிறது. இதைத் தளர்த்த, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடும் பயிற்சியை நாள்தோறும் இருவேளை, பத்து நிமிடம் செய்யச் சொன்னோம். வலி குறைக்கும் மருந்து வழிகளையும் விளக்கினோம்.

தனிமைக்கு விடை, பிரசவத் துணை. ஒருவர் தொடர்ந்து உடனிருந்தால் பிரசவ நேரமும் அறுவைசிகிச்சைத் தேவையும் ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவருடைய தாயார் மகளைவிட அதிகமாக அஞ்சியதால், இரு பிள்ளைகளைப் பெற்ற சித்தியைத் தேர்ந்தெடுத்தார். இருவரையும் பிரசவ அறைக்கு அழைத்துச் சென்று கட்டிலையும் செவிலியர் மேசையையும் காட்டினோம். கனவைத் தாளில் எழுதி, முடிவை மட்டும் மாற்றி, உறங்குமுன் படிக்கச் சொன்னோம். புதிய முடிவில் கதவு திறந்து சித்தி வருகிறார்.

கனவு முற்றிலும் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது. பிரசவத்தின்போது, "என்னால் முடியாது" என்று ஒரு கட்டத்தில் அழுதார். சித்தி முதுகைத் தேய்த்தபடி மூச்சை எண்ணினார். சுகப்பிரசவம் ஆயிற்று.

எல்லோருக்கும் இவ்வளவே போதும் என்று கூற இயலாது. இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான இரவுகளில் உறக்கம் கெடுதல், பரிசோதனைக்கு வரவே அஞ்சுதல், திடீர்ப் படபடப்பு ஆகியவை இருந்தால் மனநல மருத்துவரின் உதவி தேவை. பிரசவத்தைப் பற்றிய இத்தகைய கடும் அச்சத்துக்கு மருத்துவத்தில் 'டோகோஃபோபியா' என்று பெயர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. டெலி-மானஸ் 14416 என்ற எண்ணில் இரவிலும் பேசலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: "எல்லோரும் பெறவில்லையா?" என்று கேட்காதீர்கள். "எதை நினைத்துப் பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள்.