பேராசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம்

தருமபுரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டாரத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். தன் புராஜெக்டுக்காகச் சுற்றியுள்ள ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் பிடித்து வந்து, ஃபுளோரைடு எவ்வளவு என்று அளந்திருக்கிறார். இப்போது ஓர் ஆய்வு நிறுவனத்தில் நீர் வேதியியல் ஆய்வகம் நடத்தும் பேராசிரியருக்கு, ஆராய்ச்சி உதவியாளர் வேலை கேட்டு அவர் எழுத வேண்டும்.

வழக்கமாக இந்தக் கடிதம் எப்படிப் போகிறது என்பது ஆய்வகங்களில் எல்லோருக்கும் தெரியும். மரியாதைக்குரிய ஐயா, எனக்குச் சிறுவயது முதலே ஆராய்ச்சியில் ஆர்வம், தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் வாய்ப்புக் கொடுத்தால் கடுமையாக உழைப்பேன் என்று நான்கு பத்தி. பேராசிரியரின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் ஒட்டப்பட்டிருக்கும். பெண் பேராசிரியருக்கும் ‘ஐயா’ என்றே வந்திருக்கும். நல்ல மாணவர்கள் பலர் இப்படி எழுதுவதுதான் எனக்கு வருத்தம். அவர்கள் செய்த வேலை எதுவும் அந்தக் கடிதத்தில் இருப்பதில்லை.

எழுத உட்காருமுன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவில் பேராசிரியர் நினைத்த மாத்திரத்தில் ஒருவரை வேலைக்கு எடுத்துவிட முடியாது. மத்திய அரசின் நிதியில் நடக்கும் திட்டங்களில் ஆள் எடுக்க, பொதுவாக விளம்பரம் வெளியிட்டு நேர்காணல் நடத்த வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் நிதியுதவித் திட்டங்களுக்கான ஆள்சேர்ப்பு ஐ.சி.எஸ்.ஆர். என்ற மையத்தின் வழியாக நடக்கிறது. பதவிகளிலும் வேறுபாடு உண்டு. ரிசர்ச் அசோசியேட் பதவி பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கானது. எம்.எஸ்சி. முடித்தவர் கேட்க வேண்டியது ஜே.ஆர்.எஃப். அல்லது புராஜெக்ட் அசோசியேட். நெட், கேட் போன்ற தேர்வில் தகுதி பெற்றவருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதனால் ‘எனக்கு வேலை கொடுங்கள்’ என்று கேட்பதைவிட, ‘தங்கள் திட்டத்தில் வரும் மாதங்களில் இடம் விளம்பரமாகுமா, ஆகுமென்றால் விண்ணப்பிக்க விரும்புகிறேன்’ என்று கேட்பது பொருத்தமானது. அதற்கு அவரால் ஒரே வரியில் பதில் போட முடியும்.

அடுத்தது, தன் ஆர்வத்தைச் சொல்லும் பகுதி. கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். நம் மாணவி எழுத வேண்டியதன் சாரம் இப்படி இருக்கலாம்:

‘ஃபுளோரைடை அலுமினா கொண்டு நீக்குவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். தண்ணீரில் பைகார்பனேட் கூடினால் அலுமினாவின் திறன் குறைகிறது என்று அதில் கண்டேன். என் புராஜெக்டில் ஃபுளோரைடு மிகுந்திருந்த கிணறுகளிலேயே பைகார்பனேட்டும் மிகுந்திருந்தது. அப்படியானால் எங்கள் பகுதித் தண்ணீரில் அலுமினா வடிகட்டி எவ்வளவு காலம் தாங்கும் என்பதை அறிய விரும்புகிறேன். ஃபுளோரைடை எலக்ட்ரோடு கொண்டு நானே அளந்தேன். அளவுத்திருத்தக் கோட்டின் சரிவு 57 மில்லிவோல்ட் கிடைத்தது. பைகார்பனேட்டை டைட்ரேஷன் செய்து கண்டேன். உறிஞ்சும் திறனை அளக்கும் சோதனை இதுவரை செய்ததில்லை. ஜூன் முதல் வாரத்தில் சேர முடியும். குறைந்தது ஓராண்டு இருப்பேன்.’

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கேள்வி. கட்டுரையின் தலைப்பை மட்டும் பார்த்தவரால் அதைக் கேட்க முடியாது. அதிலுள்ள ஒரு முடிவைத் தன் ஊர்த் தண்ணீரோடு சேர்த்து வைத்துப் பார்த்ததால் பிறந்த கேள்வி அது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் பைகார்பனேட்டும் சேர்ந்தே உயர்வது பல இடங்களில் காணப்படுவதுதான். பைகார்பனேட் கூடும்போது கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. கால்சியம் குறைந்த நீரில் ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்கிறது. மாணவிக்கு இந்தக் காரணம் தெரிந்திருந்தால் நேர்காணலில் சொல்லலாம். கடிதத்துக்கு அந்தக் கேள்வியே போதும்.

57 மில்லிவோல்ட் என்பது வெளியாளுக்குச் சாதாரண எண். நீர் வேதியியல் பேராசிரியருக்கு அது சாட்சி. ஃபுளோரைடின் அடர்த்தி பத்து மடங்கு மாறும்போது எலக்ட்ரோடின் மின்னழுத்தம் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 59 மில்லிவோல்ட் மாற வேண்டும். எலக்ட்ரோடு பழசாகிவிட்டாலோ, தர நிர்ணயக் கரைசலைத் தப்பாகத் தயாரித்தாலோ இது நன்றாகக் குறைந்துவிடலாம். 57 என்று எழுதியவர் கருவியின் முன் உட்கார்ந்து அளந்தவர், அளவு நம்பத்தக்கதா என்று சரிபார்த்தவர். ‘பல நவீன கருவிகளில் அனுபவம் உண்டு’ என்ற வரியைவிட இந்த ஓர் எண்ணுக்கு எடை அதிகம். செய்யாத சோதனையைச் செய்ததில்லை என்று எழுதியதும் அப்படித்தான். அதைப் படித்தபின் மற்ற வரிகளையும் பேராசிரியர் நம்புவார்.

இனி மதிப்பெண் பட்டியல். நம் கல்லூரிகளில் இதுதான் பெரிய தொல்லை. இறுதி செமஸ்டர் முடியாததால் ஒருங்கிணைந்த பட்டியல் கையில் இருக்காது. செமஸ்டருக்கு ஒன்றாக மூன்று தாள்கள் இருக்கும். கைபேசியில் சாய்வாக எடுத்த மூன்று படங்களை இணைத்து அனுப்பினால், திறந்து திருப்பிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. வெளிச்சத்தில் நேராக ஸ்கேன் செய்து, இளங்கலைப் பட்டியலையும் சேர்த்து, ஒரே பி.டி.எஃப். ஆக்கி, கோப்புக்குத் தன் பெயரை வைக்க வேண்டும். ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ் எல்லாம் இந்தக் கட்டத்தில் வேண்டாம். முறையான விண்ணப்பத்தில் கேட்டால் அப்போது கொடுத்தால் போதும்.

பட்டியலில் ‘பிசிக்கல் கெமிஸ்ட்ரி 2’ என்று மட்டும் இருக்கும். அதில் மின்வேதியியல் படித்தாரா, பரப்பு வேதியியல் படித்தாரா என்பது வேறு பல்கலைக்கழகத்துக்காரருக்குத் தெரியாது. ஆகவே தொடர்புள்ள இரண்டு மூன்று பாடங்களின் உள்ளடக்கத்தைக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிடுவது நல்லது. அரியர் இருந்தால் அதையும் அப்படியே சொல்லலாம். ‘இரண்டாம் செமஸ்டரில் குவாண்டம் வேதியியலில் அரியர் இருந்தது, மூன்றாம் செமஸ்டரில் எழுதித் தேறினேன்’ என்றால் முடிந்தது. வீட்டுச் சூழல், உடல்நலம் என்று விளக்கத் தொடங்கினால் படிப்பவரின் கவனம் அங்கேயே நின்றுவிடும். நீரை அளக்கும் வேலைக்கு ஆள் தேடுபவர் குவாண்டம் மதிப்பெண்ணைவிடப் பகுப்பாய்வு வேதியியல் செய்முறை மதிப்பெண்ணைத்தான் முதலில் தேடுவார். அது நன்றாக இருந்தால் அதைக் குறிப்பிட மறக்கக் கூடாது.

மின்னஞ்சலின் தலைப்பு வரியில் பெயர், படிப்பு, கேட்கும் பதவி மூன்றும் இருந்தால் போதும். ஒரே மடலில் இருபது பேராசிரியர்களின் முகவரியைப் போட்டு அனுப்பினால் ஒருவரும் பதில் தரமாட்டார்கள். ஆளுக்கொரு கடிதம் என்றால், ஒவ்வொருவரின் கட்டுரையையும் படிக்க இரண்டு மாலைகளாவது ஆகும். ஆகட்டும். அப்படி ஐந்து பேருக்கு எழுதினால் போதும்.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால், அதே மடலின் கீழே இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் வராவிட்டால் பெரும்பாலும் திட்டத்தில் இடம் இல்லை என்று பொருள். ‘விளம்பரம் வரும்போது விண்ணப்பியுங்கள்’ என்று பதில் வந்தால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுவன இணையதளத்தின் ஆள்சேர்ப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பார்த்துவர வேண்டும், ஏனென்றால் இத்தகைய விளம்பரங்களுக்குத் தரப்படும் அவகாசம் சில சமயம் இரண்டு வாரம்கூட இருக்காது. நேர்காணலில் முதல் கேள்வி அநேகமாகக் கடிதத்திலிருந்தே வரும்: அளக்குமுன் தண்ணீரில் டைசாப் என்ற தாங்கல் கரைசலை ஏன் சேர்த்தீர்கள்? அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தப் பிடியிலிருந்து விடுவித்தால்தான் எலக்ட்ரோடு அதை உணரும், கூடவே கரைசலின் அமிலத்தன்மையும் ஒரே நிலையில் நிற்கும் என்று மாணவி சொல்லிவிட்டால், பேச்சு அவருடைய கிணறுகளுக்குப் போகும்.