எரிப்பதா, மக்க வைப்பதா? ஈரம் சொல்லும் தீர்ப்பு

1987-ல் தில்லியின் திமார்பூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று அமைந்தது. டென்மார்க் தொழில்நுட்பம், நாளொன்றுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம் என்பது திட்டம். சோதனை ஓட்டமாக 21 நாள் ஓடியது. பிறகு நின்றுபோனது. ஒரு கிலோ குப்பையில் ஏறத்தாழ 1,460 கிலோகலோரி வெப்பம் இருக்கும் என்று நம்பி உலையை வடிவமைத்திருந்தார்கள். வந்து சேர்ந்த குப்பையில் அதில் பாதிகூட இல்லை.

அந்த ஆலையின் பெயர் இன்று பலருக்கும் நினைவில்லை. ஆனால் அதை நிறுத்திய கேள்வி சென்னையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தினமும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேரும் நகரம் இது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கிடங்குகள் மலையாகிவிட்டன. கொடுங்கையூரில் எரி ஆலை வேண்டும் என்று மாநகராட்சி சொல்கிறது, கூடாது என்று அப்பகுதி மக்கள் தெருவில் இறங்குகிறார்கள். எரிக்காவிட்டால் உரமாக்கலாமே என்பது அடுத்த யோசனை. இரண்டில் எது சரி என்று பார்க்கும் முன், நம் குப்பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தரம் பிரிக்காத ஒரு வீட்டின் குப்பைப் பையைப் பிரித்தால் மேலாகச் சோறு, காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாழை இலை. நடுவில் பால் பாக்கெட், ஷாம்பு உறை, பொட்டலக் காகிதம். அடியில் வீடு கூட்டிய மண். தெருமுனையில் இளநீர்க் கடையின் கூடுகள் சேர்கின்றன, சந்தையிலிருந்து அழுகிய தக்காளி வருகிறது. கம்பாக்டர் லாரி இவற்றை அழுத்தும்போது பின்பக்கத்திலிருந்து கறுப்பாக ஒழுகும் தண்ணீர் குப்பையிலிருந்தே பிழிந்து வருவது.

கணக்குக்காக ஒரு டன் குப்பையை எடுத்துக்கொள்வோம். தோராயமாகப் பாதி, அதாவது 500 கிலோ, தண்ணீர். 250 கிலோ மண், கல், கண்ணாடி போன்ற எரியாத பொருள். மிச்சம் 250 கிலோதான் உண்மையில் எரியக்கூடியது. அது கிலோவுக்கு 4,500 கிலோகலோரி கொடுத்தாலும் மொத்தம் 11.25 லட்சம். இதில் 500 கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 3 லட்சம் போய்விடும். எரியும்போதே உருவாகும் நீராவி இன்னும் 80 ஆயிரத்தை எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது ஏழரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கிலோவுக்குப் பிரித்தால் 750-ஐ ஒட்டிய எண்.

எரி ஆலை சொந்தக் காலில் நிற்க எவ்வளவு வேண்டும்? உலக வங்கி 1999-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 1,670 கிலோகலோரி இருக்க வேண்டும், எந்தப் பருவத்திலும் 1,430-க்குக் கீழே போகக்கூடாது என்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளும் 1,500-க்கு மேல் வெப்பம் உள்ள, மறுசுழற்சி செய்ய முடியாத கழிவையே எரிபொருளாகப் பார்த்தன. நம் கணக்கில் வந்த எண் அதில் பாதி.

இதுவும் வெயில் காலத்துக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மூடியில்லாத தொட்டியில் மழை இறங்கி, அதே ஒரு டன்னில் 100 கிலோ தண்ணீர் கூடினால் கிலோவுக்கு 630-க்கு இறங்கிவிடும். ‘எந்தப் பருவத்திலும்’ என்று வழிகாட்டி அழுத்திச் சொல்வது இதனால்தான். ஆண்டுச் சராசரியை மட்டும் காட்டும் திட்ட அறிக்கை வடகிழக்குப் பருவமழையை மறைத்துவிடும்.

ஈரக் குப்பையை உலைக்குள் தள்ளினால் மின்சாரம் குறைவதோடு நிற்காது. டையாக்சின் போன்ற நச்சுகள் சிதைய வேண்டுமானால் புகை 850 டிகிரிக்கு மேல் குறைந்தது 2 நொடி இருந்தாக வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகள் வகுத்த அளவு. ஈரமான ஒரு வண்டிக் குப்பை விழுந்ததும் உலையின் சூடு சரியும். அதைத் தூக்கி நிறுத்த டீசலோ எரிவாயுவோ ஊற்ற வேண்டும். ஊற்றினால் செலவு, ஊற்றாவிட்டால் நச்சுப் புகை. எனவே ஓர் ஆலை எப்படி ஓடுகிறது என்று அறிய புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. உலை வெப்பப் பதிவையும், துணை எரிபொருள் வாங்கிய கணக்கையும், அடிச்சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரியின் அளவையும் கேட்க வேண்டும். சாம்பலில் பாதி எரிந்த துணியும் காகிதமும் தெரிந்தால் உலை திணறுகிறது என்று பொருள்.

‘சிங்கப்பூரும் நம்மைப் போல ஈரக் காற்று ஊர்தானே, அங்கே 1979 முதல் எரிக்கிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. காற்றின் ஈரம் வேறு, குப்பையின் ஈரம் வேறு. அங்குள்ள குப்பையில் காகிதமும் பிளாஸ்டிக் பொதியுறைகளும் அதிகம், மண் குறைவு, அதனால் தானே எரிகிறது. அப்படியும் சாம்பல் மிஞ்சுகிறது. அதைக் கொட்டவென்றே கடலுக்குள் செமாக்காவ் தீவில் 1999-ல் நிலநிரப்பு இடம் திறந்தார்கள். சீன ஆலைகள் வேறு வழி பிடித்தன. குப்பையை ஆழமான கிடங்குக் குழியில் சில நாள் போட்டு, நீர் வடிந்த பிறகே உலைக்கு அனுப்புகிறார்கள். இது பலன் தருகிறது. ஆனால் வடிந்த கறுப்பு நீரைச் சுத்திகரிக்கத் தனி நிலையம் வேண்டும், அதன் செலவையும் ஆலையின் செலவோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, உரமாக்கினால்? எரிப்பதற்கு எதிரியான ஈரம் இங்கே வேலைக்காரன். நுண்ணுயிர்களுக்கு 50 முதல் 60 சதவீதம் வரை ஈரம் வேண்டும். காற்று புகும்படி குவியலாகக் கொட்டினால் சில நாளில் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் சாகும். வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டால் ஐந்தாறு வாரத்தில் கறுத்துப் பொலபொலவென்று மண் வாசனை வரும். ஈரம் சரியா என்று பார்க்க உரக்கூடத்துப் பணியாளருக்குக் கருவி வேண்டாம். ஒரு கை அள்ளிப் பிழிவார். விரலிடுக்கில் நீர் துளிர்த்து, சொட்டாமல் நின்றால் பதம் சரி. சொட்டினால் காற்று நுழைய இடமில்லை, அழுகல் நாற்றம் தொடங்கும். காய்ந்த இலையோ தென்னை நார்க் கழிவோ கலக்க வேண்டும். மழைக்காலத்தில் கூரை இல்லாத உரக்கூடம் இந்த இடத்தில்தான் தோற்கிறது.

ஆனால் கலப்புக் குப்பையை உரமாக்கும்போது வேறு சிக்கல் வருகிறது. குவியல் மக்கும், கூடவே கிடந்த பேட்டரி, பெயின்ட் டப்பா, குழல் விளக்குத் துண்டு மக்காது. அவற்றின் ஈயமும் காட்மியமும் உரத்துக்குள் இறங்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகர உரத்தில் ஒரு கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. போபாலில் உள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனம் பல நகரங்களின் உரத்தைச் சோதித்தபோது, வீட்டிலேயே பிரித்த குப்பையின் உரத்தைவிடக் கலப்புக் குப்பையின் உரத்தில் கன உலோகங்கள் கூடுதலாக இருந்தன. 4 மில்லிமீட்டர் சல்லடை பெரிய பிளாஸ்டிக்கைத் தடுக்கும்; கண்ணாடிப் பொடியைத் தடுக்காது. வயலில் வெறுங்காலோடு நடக்கும் விவசாயி ஒருமுறை கண்ணாடி குத்தினால் மறுமுறை அந்த மூட்டையை வாங்க மாட்டார். மத்திய அரசு 2016-ல் நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. விலை குறையலாம்; இழந்த நம்பிக்கை அதனால் திரும்பாது.

ஆக, கலந்த குப்பையில் எரி ஆலையும் திணறுகிறது, உரக்கூடமும் கெடுகிறது. அப்படியானால் ஏற்கெனவே கலந்துவிட்ட குப்பையை என்னதான் செய்வது? இதற்கு ஓரளவு நேர்மையான விடை, உரமாக்கும் முறையை உரத்துக்காக அல்லாமல் உலர்த்துவதற்காகப் பயன்படுத்துவது. கூரைக்குக் கீழே குவித்துக் காற்றூட்டினால், நுண்ணுயிர்கள் தாங்களே உண்டாக்கும் சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் ஈரத்தின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எரிபொருள் செலவே இல்லை. பிறகு சுழல் சல்லடையில் விட்டால் மண்ணும் மக்கிய தூளும் கீழே விழும், துணி, காகிதம், பிளாஸ்டிக் மேலே தங்கும்.

நம் ஒரு டன்னில் இப்படி மேலே தங்குவது கால் டன் என்று வையுங்கள். அதில் 140 கிலோ எரியும் பொருள், 60 கிலோ ஈரம், மீதி மண் என்றால், கிலோவுக்கு ஏறத்தாழ 2,200 கிலோகலோரி கிடைக்கும். அதே குப்பைதான், 750 மூன்று மடங்காகிவிட்டது. இதை அரியலூர் வட்டாரத்தில் இருப்பது போன்ற சிமென்ட் ஆலைகளின் சூளையில் நிலக்கரிக்குத் துணையாகப் போடலாம். 1,400 டிகிரியைத் தாண்டும் சூளை அது. சாம்பலும் சிமென்டோடு சேர்ந்துவிடும். பி.வி.சி. போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக் அதிகமானால் சிமென்ட் ஆலைகள் திருப்பி அனுப்பிவிடும் என்பது இதன் வரம்பு. கீழே விழுந்த தூளை உரம் என்று பெயரிட்டு விற்கக்கூடாது. பழைய கிடங்கை மூடும் மேல்மண்ணாகப் போடலாம், நெல் வயலுக்கு ஆகாது.

வீட்டிலேயே பிரித்துவிட்டால் கணக்கு முற்றிலும் மாறும். மக்கும் குப்பை தனியே வந்தால் டன்னுக்கு 200 கிலோவுக்கு மேல் சுத்தமான உரம் கிடைக்கும், அல்லது அதையே சாண எரிவாயு முறையில் மூடிய கலத்தில் போட்டு எரிவாயு எடுக்கலாம். உலர்ந்த குப்பையில் நல்ல காகிதமும் பாட்டிலும் இரும்பும் காயலான் கடைக்குப் போகும். எரிக்க மிஞ்சுவது பல அடுக்கு உறை, அழுக்குத் துணி, செருப்பு, டயாப்பர் போன்றவை மட்டுமே.

எரி ஆலை ஒப்பந்தங்களைக் கவனமாகப் படிக்க வேண்டியது இதனால்தான். இருபது, இருபத்தைந்து ஆண்டுக்குத் தினமும் இத்தனை டன் தருவோம் என்று நகரம் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு மக்கள் பிரிக்கப் பிரிக்க உலை பசியில் கிடக்கும். அந்தப் பசியைத் தீர்க்க, பிரித்த குப்பையும் மறுபடி ஒரே லாரியில் ஏறும். முதலில் பிரிக்கும் பழக்கத்தை நிலைநிறுத்தி, மிஞ்சுவதை மழைக்காலத்தில் எடைபோட்டு, அந்த அளவுக்கு மட்டும் உலை கட்டுவதுதான் சரியான வரிசை.

ஈரம் மிகுந்த நகரத்துக்கு மக்க வைப்பதே முதன்மை வழி. எரிப்பது கடைசியில் மிஞ்சும் சிறு பங்குக்கு மட்டும். உங்கள் பகுதியில் ஆலை வரப்போவதாகச் சொன்னால், ஆதரிப்பதற்கோ எதிர்ப்பதற்கோ முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நவம்பர் மாதத்தில் எங்கள் குப்பையின் வெப்ப அளவு என்ன? சாம்பல் எங்கே போகும்? தினம் எத்தனை டன் தருவதாக ஒப்பந்தம்? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்கும் வரை அந்த ஆலைக்குக் கல் நாட்ட விடாதீர்கள்.