நெப்டியூனின் மூடுபனி

நம்மூர் ஜாதகக் கட்டத்தில் ஒன்பது கிரகங்கள்தான். 1846இல் கண்டுபிடிக்கப்பட்ட நெப்டியூனுக்கு அதில் இடமில்லை. மேற்கத்திய ஜோதிடர்களோ அதைச் சேர்த்துக்கொண்டு இலட்சியம், கற்பனை, குழப்பம் மூன்றையும் அதன் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நெப்டியூன் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 165 ஆண்டுகள் ஆகும். ஒரு ராசியைக் கடக்கவே 14 ஆண்டுகள். ஆகவே, "எனக்கு மகரத்தில் நெப்டியூன்" என்று ஒருவர் சொன்னால், அவரோடு பள்ளியில் படித்த எல்லோருக்கும் அநேகமாக அதேதான். ராசி ஒரு தலைமுறையின் கனவைத்தான் காட்டும் என்பார்கள். தனி மனிதருக்குப் பலன் சொல்ல, அது சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய் இவற்றோடு எத்தனை பாகையில் நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.

1990 ஏப்ரல் 4ஆம் தேதி பிறந்தவரை எடுத்துக்கொள்வோம். மேற்கத்தியக் கணக்கில் சூரியன் மேஷத்தில் சுமார் 14 பாகை, நெப்டியூன் மகரத்திலும் சுமார் 14. நடுவே 90 பாகை, அதாவது சதுரம். 'நான் யார்' என்ற கேள்வியில் பனி மூடும், ஒருவரைத் தெய்வமாக்கிப் பின் ஏமாறுவார், அதே மனம் கதையும் இசையும் படைக்கும் என்பது அவர்கள் வாசிப்பு. இரண்டு மாதம் தள்ளிப் பிறந்தவருக்கு இந்தச் சதுரமே கிடையாது, நெப்டியூன் அதே மகரத்தில் இருந்தாலும்!

இதற்கு அறிவியல் சான்று இல்லை. ஏமாந்தவர், ஏமாறாதவர் இருவருக்குமே பொருந்தும் பலன் இது என்பதையும் கவனியுங்கள்.