நீல டிக் சொல்வதும் சொல்லாததும்

வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அதற்கு முன்பும் இரண்டு டிக் உண்டு. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்தது என்பதோடு அவை நின்றுகொண்டன. படித்தாயிற்று என்றும் காட்ட ஆரம்பித்ததும் பலர் கொதித்தார்கள். அந்த மாதமே அதை அணைத்துவைக்கும் வசதியும் வரத் தொடங்கியது. இன்றும் பல வீட்டுச் சண்டைகளில் இந்த டிக்தான் சாட்சி. அதை முழுதாக நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓர் அக்கா தம்பிக்குக் காலை 11.05-க்கு அனுப்புகிறாள்: "அம்மாவுக்கு மாத்திரை வாங்கிட்டியாடா?" முதல் சாம்பல் டிக் விழுகிறது. செய்தி அவள் போனைவிட்டுக் கிளம்பி நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விட்டது. தம்பியின் போனில் சார்ஜ் இல்லை, அணைந்து கிடக்கிறது. ஆனாலும் இரண்டாவது டிக் விழுகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவன் வாட்ஸ்அப்பை இணைத்து வைத்திருக்கிறான். இணைத்த கருவி ஒன்றில் செய்தி இறங்கினாலே இரண்டு டிக் வந்துவிடும்.

11.20-க்கு டிக் நீலமாகிறது. கடைசியாக அவன் பேசியது அக்காவோடுதான் என்பதால், திரையில் திறந்திருந்தது அந்த உரையாடலே. வேறு யாருக்கோ ஃபைல் அனுப்ப அந்த ஜன்னலைச் சொடுக்கினான்; அதே நொடியில் மேனேஜர் கூப்பிட, எழுந்து போய்விட்டான். செய்தி திரைக்கு வந்ததை ஆப் அறியும். கண் அதன்மேல் பட்டதா என்று அதற்குத் தெரியாது. அக்காவோ, "பார்த்துட்டும் பேசாம இருக்கான்" என்று புழுங்குகிறாள்.

நேர்மாறாகவும் நடக்கும். போனின் மேலே வந்து நிற்கும் நோட்டிஃபிகேஷனிலேயே முழுச் செய்தியையும் ஒருவர் படித்துவிடலாம். உள்ளே போய்த் திறக்காதவரை டிக் சாம்பலாகவே இருக்கும்.

டிக் வெளியிடுவதைவிட லாஸ்ட் சீன் வெளியிடுவது அதிகம் என்பேன். ஆன்லைன் என்றால் ஆப் திறந்திருக்கிறது, நெட் இருக்கிறது, அவ்வளவே. யாரோடு பேச்சு என்று அது காட்டாது. ஆனால் லாஸ்ட் சீனை எல்லோருக்கும் திறந்துவைத்திருந்தால், அதைப் பார்க்க முடிந்த ஒருவர் தினமும் குறித்துவைக்க முடியும். ஒரு வாரத்தில் நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள், எப்போது விழிக்கிறீர்கள், எந்த இரவில் தூக்கம் கெட்டது என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர் கையில் இது ஆபத்தான தகவல். Settings → Privacy → Last seen and online என்ற இடத்தில் Everyone என்றிருந்தால் My contacts என்றாவது மாற்றிவிடுங்கள். ஆன்லைனில் இருப்பதை மறைக்கும் வசதி 2022-ல்தான் வந்தது; அதுவும் அங்கேயே இருக்கிறது.

அதே Privacy பக்கத்தில் Read receipts-ஐ அணைத்தால் நீங்கள் படித்தது அடுத்தவருக்குத் தெரியாது. அடுத்தவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. லாஸ்ட் சீனுக்கும் இதே கணக்குதான். ஆனால் அணைத்த பிறகும் இரண்டு வாசல்கள் திறந்தே இருக்கும். குரூப்பில் போட்ட செய்தியை நீங்கள் படித்தால், அனுப்பியவர் அதை அழுத்திப் பிடித்து Info பார்த்து உங்கள் பெயரையும் நேரத்தையும் தெரிந்துகொள்ளலாம். வாய்ஸ் மெசேஜைக் கேட்டால் அதுவும் அவருக்குத் தெரியும். மேலதிகாரிக்குத் தெரியாமல் ஆபீஸ் குரூப்பைப் படிக்கலாம் என்று நினைத்து இதை அணைப்பவர்களுக்கு ஏமாற்றமே மிச்சம்.

போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் இரண்டாவது டிக்கை அணைக்க வழியே இல்லை. திரையில் எதுவும் தோன்றாதபடி ஒருவர் போனுக்குச் சமிக்ஞை அனுப்பி, அந்த ஒப்புகை திரும்பிவரும் வேகத்தைக் கொண்டே போன் பயன்பாட்டில் இருக்கிறதா என்று ஊகிக்க முடியும் என்பதை 2024-ல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். இதைப் பயனாளரின் தலையில் கட்டாமல் நிறுவனமே சரிசெய்ய வேண்டும்.

ஒற்றை டிக்கிலேயே செய்தி நின்றால் "பிளாக் பண்ணிட்டாங்க" என்று முடிவுகட்டவும் வேண்டாம். பிளாக் செய்தாலும் ஒரே டிக்தான். போன் அணைந்திருந்தாலும், நெட் இல்லாவிட்டாலும் ஒரே டிக்தான். டிக்கை வைத்து எது என்று பிரித்தறிய முடியாது. மாத்திரை போன்ற அவசரமான விஷயம் என்றால், டிக்கைப் பார்த்துக் காத்திருக்காமல் நேரே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.